"நீ அழகாத்தான் இருக்கே" ஏன் எடுபடுவதில்லை

கேள்வி: என் மனைவிக்குத் தன் தோற்றத்தைப் பற்றித் தாழ்வு மனப்பான்மை அதிகம். குழந்தை பிறந்து எடை கூடிய பிறகு இன்னும் மோசம். "நீ அழகாத்தான் இருக்கே"ன்னு சொன்னா "சும்மா சொல்லாதீங்க"ன்னு வெட்டிவிடுகிறாள். எதுவும் சொல்லாம இருந்தா "என்னைக் கவனிக்கிறதே இல்ல"ங்கிறாள். நான் மனசாரத்தான் சொல்றேன். அவள் நம்புற மாதிரி எப்படிச் சொல்வது?

பதில்:

முதலில் அந்த "தான்" என்ற ஒட்டை எடுத்துவிடுங்கள். பேச்சுத் தமிழில் "தான்" பல நேரம் யாரோ மறுத்த இடத்தில் வரும். "கதவைப் பூட்டிட்டுத்தான் வந்தேன்" என்று ஒருவர் சொன்னால், பூட்டினாரா என்று யாரோ சந்தேகப்பட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதேபோல "அழகாத்தான் இருக்கே" என்ற சொல், அழகில்லை என்றொரு வழக்கு ஏற்கெனவே நடப்பதாகவும், நீங்கள் எதிர்த்தரப்பு வக்கீலாக எழுந்து நிற்பதாகவும் காட்டுகிறது. தோற்றத்தைப் பற்றிக் கூசிக்கொண்டிருப்பவரின் காதில் முதலில் விழுவது அந்த வழக்கு. தீர்ப்பு அப்புறம்தான் விழும்.

இப்படி நல்ல நோக்கத்தோடு சொல்லிக் கெடுத்துக்கொள்ளும் சொற்கள் இன்னும் சில உண்டு. "உனக்கென்ன குறைச்சல்?" என்பதில் குறை என்ற சொல்லே உட்கார்ந்திருக்கிறது. "இன்னைக்கு நல்லா இருக்கே" என்றால் நேற்று எப்படி இருந்தேன் என்று கணக்குப் போடுவார். "இந்த டிரஸ்ல ஒல்லியாத் தெரியறே" என்பது எல்லாவற்றிலும் மோசம். நீங்களும் எடையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதற்கு அதுவே வாக்குமூலம் ஆகிவிடும். "என் கண்ணுக்கு நீ அழகு" என்பதைப் பலர் பெரிய காதல் வசனமாக நினைக்கிறார்கள். மற்றவர் கண்ணுக்கு இல்லை என்ற பாதியை அவரே சேர்த்துக்கொள்வார்.

சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. ஏன் நம்ப மறுக்கிறார் என்பது தெரிந்தால்தான் எப்படிச் சொல்வது என்பது பிடிபடும். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஸ்வான் 1980களில் இருந்து விளக்கிவந்த ஒரு கருத்து இங்கே பொருந்தும். மனிதர்கள் தங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்களோ, அதையே மற்றவர்களும் நினைக்கும்போதுதான் தாங்கள் சரியாகப் புரிந்துகொள்ளப்பட்டதாக உணர்கிறார்கள். அந்த நினைப்பு தாழ்வானதாக இருந்தாலும் இது பெரிதாக மாறுவதில்லை. தன் உடம்பு கெட்டுவிட்டது என்று நம்புகிற ஒருவரிடம் "நீ பேரழகி" என்றால், கேட்க இனிமையாக இருந்தாலும் உள்ளே ஒன்று உறுத்தும்: "இவருக்கு ஒண்ணும் தெரியல, இல்லேன்னா பொய் சொல்றார், இல்லேன்னா ஏதோ வேணும்." "என்ன, ஐஸ் வைக்கிறீங்க?" என்ற கேள்வி இங்கிருந்துதான் வருகிறது. பாராட்டு பெரிதாகப் பெரிதாக, அவர் தன்னைப் பற்றி நினைப்பதற்கும் நீங்கள் சொல்வதற்கும் இடைவெளி கூடுகிறது. நம்பிக்கை குறைகிறது. ஆகவே "சும்மா சொல்லாதீங்க" என்றவுடன் "இல்ல, சத்தியமா!" என்று குரலை உயர்த்துவது எதிர்த்திசையில் வண்டி ஓட்டுவது மாதிரி.

நீங்கள் செய்ய வேண்டியது தீர்ப்புச் சொல்வதை விட்டுவிட்டுச் சாட்சி சொல்வது. "நீ அழகு" என்பது தீர்ப்பு. தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம், அவர் தினமும் செய்கிறார். "நீ குனிஞ்சு பாப்பாவோட காதுல ஏதோ சொல்லிட்டுச் சிரிச்சியே, அப்ப கையில இருந்த வேலையை விட்டுட்டு உன்னையே பார்த்துட்டு இருந்தேன்" என்பது சாட்சி. இதில் அவர் எதை மறுப்பார்? குனிந்ததையா, சிரித்ததையா, நீங்கள் பார்த்ததையா? அழகு என்ற சொல்லே இதில் இல்லை. ஆனாலும் தோற்றத்தைப் பற்றிய பாராட்டுதான் அது.

இப்படிச் சொல்வதற்கு மூன்று துண்டுகள் வேண்டும். முதலாவது நேரமும் இடமும்: எப்போது பார்த்தீர்கள். இரண்டாவது, கண்ணில் பட்டது என்ன என்பது, முடிந்தவரை ஒரு வினைச்சொல்லாக. "உன் கண்" என்பதைவிட "நீ நிமிர்ந்து பார்த்த விதம்" என்பது எளிதில் உள்ளே போகும். உறுப்பைச் சொன்னால் அவர் அதைக் கண்ணாடியில் போய்ச் சரிபார்ப்பார். அசைவைக் கண்ணாடியில் சரிபார்க்க முடியாது, அதைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். மூன்றாவது, அது உங்களை என்ன செய்தது. மூன்றும் சேர்ந்து இரண்டு வாக்கியத்தைத் தாண்டக் கூடாது. நீண்டால் ஒப்பித்த மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது துண்டைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அதுதான் முக்கியம் என்பதற்கு ஒரு நல்ல ஆய்வே இருக்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் டெனிஸ் மேரிகோல்ட், ஜான் ஹோம்ஸ், மைக்கேல் ராஸ் மூவரும் செய்து 2007இல் வெளியிட்டது. துணையிடமிருந்து கிடைத்த ஒரு பாராட்டை நினைவுகூரச் சொன்னார்கள். சிலரிடம், என்ன நடந்தது, என்ன சொன்னார் என்று அப்படியே விவரிக்கக் கேட்டார்கள். வேறு சிலரிடம், துணை ஏன் உங்களை வியந்தார், அது உங்களுக்கு என்ன பொருள் தருகிறது, உங்கள் உறவுக்கு அது எதைக் காட்டுகிறது என்று எழுதச் சொன்னார்கள். தன்மதிப்புக் குறைந்தவர்களுக்கு வெறும் விவரிப்பு பெரிதாக உதவவில்லை. அது ஏதோ அன்றைக்கு நடந்த ஒரு விஷயம் என்று நின்றுவிட்டது. பொருளை எழுதியவர்களோ அந்தப் பாராட்டால் மகிழ்ந்தார்கள், உறவில் கூடுதல் பாதுகாப்பை உணர்ந்தார்கள். ஏற்கெனவே தன்மதிப்பு உள்ளவர்கள் இந்த வேலையைத் தாங்களே மனதுக்குள் செய்துகொள்கிறார்கள். மற்றவர்களுக்கு அது தானாக நடப்பதில்லை.

நுணுக்கமாகச் சொல்லுங்கள் என்று எல்லோரும் சொல்லிக்கொடுக்கும் அறிவுரை இங்கே பாதிதான் சரி. நுணுக்கம் நம்ப வைக்கும். ஆனால் அதை நீடிக்கிற ஒன்றோடு கட்டாவிட்டால் "அது ஏதோ அந்த நேரம்" என்று கழித்துவிடுவார். ஆகவே அந்தப் பொருளை நீங்களே சேர்த்துச் சொல்லுங்கள்: "நேத்து போன்ல உன் தங்கச்சிகிட்ட பேசும்போது கையை ஆட்டி ஆட்டிக் கதை சொன்னியே, நான் அதைப் பார்த்துட்டே இருந்தேன். வீட்டுக்கு வரணும்னு எனக்குத் தோணுறதே இதுக்காகத்தான்." இங்கே வரும் "தான்" கெடுதல் செய்யாது. அது அவரை விட்டுவிட்டு, உங்கள் காரணத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

எவ்வளவு அடிக்கடி என்றால், வாரத்துக்கு மூன்று நான்கு போதும் என்பது என் கணிப்பு. அதில் தோற்றம் சம்பந்தப்பட்டது ஒன்றோ இரண்டோ. மீதி அவர் செய்யும் காரியம், யோசிக்கும் விதம், நகைச்சுவை, முடிவெடுத்த துணிச்சல் இவற்றைப் பற்றி இருக்கட்டும். உடம்பைப் பற்றிய பேச்சு, நல்லதாகவே இருந்தாலும், கவனத்தை உடம்பின் மேல் திருப்பும். தான் எப்படித் தெரிகிறோம் என்று எப்போதும் வெளியிலிருந்து தன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பழக்கம் உள்ளவருக்கு அது இன்னொரு தூண்டுதல். குறிப்பாக எடை குறைந்ததைப் பாராட்டாதீர்கள். இரண்டு கிலோ இறங்கியபோது "சூப்பரா ஆயிட்டே" என்றால், அந்த இரண்டு கிலோ திரும்பி வரும் நாளில் நீங்கள் வாயே திறக்காவிட்டாலும் தீர்ப்பு அவருக்குத் தெரிந்துவிடும்.

அதற்காகத் தோற்றத்தைப் பற்றிப் பேச்சையே நிறுத்திவிடவும் கூடாது. "நீ நல்ல அம்மா", "நல்லா வேலை பாக்கிறே" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால், பேசாமல் விட்ட இடம்தான் சத்தமாகக் கேட்கும். "என்னைக் கவனிக்கிறதே இல்ல" என்று அவர் சொல்வதில் இது ஒரு பங்கு இருக்கலாம். அவர் எந்த இடத்தைப் பற்றிக் கூசுகிறாரோ (வயிறு, கை, முகத்தழும்பு) அந்த இடத்தில் நேரடியாகப் பாராட்டைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். பக்கத்தில் நில்லுங்கள். நிறம், நடை, குரல், சிரிப்பு, உடை தேர்ந்தெடுத்த ரசனை என்று இடம் நிறைய இருக்கிறது. கூசும் இடத்துக்குச் சொல்லைவிடத் தொடுதல் நல்லது. பேசிக்கொண்டிருக்கும்போது எதையும் அறிவிக்காமல், பழக்கமான இயல்பில் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வது போதும். அவர் விலக்கினால் விட்டுவிடுங்கள்.

இப்போது வழக்கமாக உடைகிற ஒரு காட்சியை நிதானமாகப் பார்ப்போம். நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்ப இன்னும் இருபது நிமிடம். கட்டிலில் கழற்றிப் போட்ட உடை இரண்டு கிடக்கிறது. மூன்றாவதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று பக்கவாட்டில் திரும்பிப் பார்த்து, "எதைப் போட்டாலும் குண்டாத்தான் தெரியுறேன். நான் வரல, நீங்க போயிட்டு வாங்க" என்கிறார்.

பெரும்பாலும் வரும் பதில்: "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு, வா, லேட் ஆகுது." இதில் மூன்று அடி விழுகிறது. அவர் கண்ணால் பார்ப்பதை "ஒண்ணுமில்ல" என்று ரத்து செய்தீர்கள், "தான்" வந்தது, அவசரத்துக்காகச் சொன்னது என்பதும் வெளிப்பட்டது. அடுத்து அவர் சொல்வார்: "உங்களுக்குக் கிளம்பணும், அதான் சொல்றீங்க." அவர் சொன்னது சரியும்கூட.

இந்த நேரத்தில் பாராட்டையே எடுக்கக் கூடாது. அதே மேரிகோல்ட் சிலரோடு சேர்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொடுகிறது. தன்மதிப்புக் குறைந்தவர்கள் மனம் சோர்ந்திருக்கும்போது, "நல்ல பக்கத்தைப் பாரு" என்ற ஆறுதலை அவ்வளவாக ஏற்பதில்லை. "இது கஷ்டமாத்தான் இருக்கும்" என்று அவர்கள் உணர்வை ஒப்புக்கொள்ளும் பேச்சையே ஏற்கிறார்கள். ஆறுதல் சொல்லி எடுபடாதபோது சொன்னவருக்கும் எரிச்சல் வருகிறது என்பதையும் அவர்கள் பார்த்தார்கள். அந்த எரிச்சல் உங்களுக்குப் பழக்கமாக இருக்கும்.

ஆகவே முதல் வேலை, கட்டிலில் கிடக்கும் துணியைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு உட்காருவது. நின்றுகொண்டு பேசினால் அவசரம் தெரியும். பிறகு: "மூணு டிரஸ் மாத்தியும் மனசுக்குப் பிடிக்கலேன்னா எரிச்சலாத்தான் இருக்கும்." அவ்வளவுதான். அவர் குண்டு என்று நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை, எரிச்சலை மட்டும் ஒப்புக்கொண்டீர்கள். கொஞ்சம் காத்திருங்கள். ஏதாவது வரும். பெரும்பாலும் உண்மையான காரணம் அப்போதுதான் வெளியே வரும்: "அங்கே உங்க காலேஜ் ஆளுங்க எல்லாம் வருவாங்க. பழைய போட்டோல பார்த்தவங்க." பிரச்சினை உடை இல்லை, பழைய புகைப்படத்தோடு ஒப்பிடப்படும் பயம் என்று இப்போது தெரிகிறது. இங்கே ஒரே ஒரு சாட்சி வாக்கியம்: "அவங்க நடுவுல உன்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நிக்கத்தான் எனக்கு ஆசை. போன தடவை நீ பேச ஆரம்பிச்சதும் எல்லாரும் உன் பக்கம் நாற்காலியைத் திருப்பிட்டாங்க, எனக்குப் பெருமையா இருந்துச்சு." இது நடந்திருந்தால் மட்டும் சொல்லுங்கள். நடக்காததை இட்டுக்கட்டினால் அவருக்குத் தெரிந்துவிடும், அதற்குப் பிறகு உண்மையும் எடுபடாது. கடைசியில் ஒரு நடைமுறைக் கேள்வி: "இந்த மூணுல எதுல உனக்கு மூச்சு விட வசதியா இருக்கு?" அழகை அளக்கும் கேள்வியிலிருந்து உடம்பின் வசதிக்குப் பேச்சு திரும்பிவிட்டது. பத்து நிமிடம் தாமதமாகப் போய்ச் சேருவீர்கள், பரவாயில்லை.

நேராகவே "நான் குண்டாயிட்டேனா?" என்று கேட்டால் என்ன செய்வது? பொய் சொல்லாதீர்கள், தராசையும் தூக்காதீர்கள். உடம்பு மாறியிருப்பது இருவருக்கும் தெரியும். "குழந்தை பிறந்தப்புறம் உடம்பு மாறியிருக்கு, ஆமா. உன்கிட்ட வரணும்கிற என் ஆசை மாறல" என்று ஒரு தடவை, அமைதியாக. உண்மையின் முதல் பாதியைச் சொன்னதால்தான் இரண்டாவது பாதி நம்பும்படி இருக்கும். ஐந்து நிமிடத்தில் அதே கேள்வி திரும்ப வந்தால் அதே பதிலை இன்னும் இனிப்பாகச் சொல்லாதீர்கள். "நான் சொன்னது அப்படியேதான் இருக்கு. இப்ப மனசுல என்ன ஓடுது?" என்று கேளுங்கள். திரும்பத் திரும்ப உறுதி கேட்பதும், திரும்பத் திரும்ப உறுதி கொடுப்பதும் ஒரு சுழல். ஒவ்வொரு உறுதியும் குறைந்த நேரமே தாங்கும், கொடுப்பவர் குரலில் சலிப்பு ஏறும், கேட்பவர் அந்தச் சலிப்பைச் சாட்சியாக எடுத்துக்கொள்வார்.

சாதாரண நாளில் சொன்ன பாராட்டை அவர் தள்ளிவிட்டால், வாதாட வேண்டாம். "சரி, நான் பார்த்ததைச் சொன்னேன்" என்று சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள். கோபித்துக்கொண்டு "உன்கிட்ட சொன்னா இப்படித்தான்" என்றால், பாராட்டை ஏற்பதும் அவருக்கு ஒரு கடமையாகிவிடும். நன்றி எதிர்பார்க்காத பாராட்டுதான் உள்ளே இறங்கும். நேரமும் முக்கியம். படுக்கைக்குப் போகும் நேரத்தில் மட்டும் பாராட்டு வந்தால் என்ன காரணம் என்பது அவருக்கு மிக எளிதில் புரியும். காலையில் அவசரத்துக்கு நடுவே, பாத்திரம் கழுவும்போது, எதுவும் கிடைக்க வாய்ப்பே இல்லாத நேரத்தில் சொல்லுங்கள். முகத்துக்கு நேரே கேட்கக் கூச்சப்படுபவராக இருந்தால் ஒரு குறுஞ்செய்தியாக எழுதுங்கள். மறுத்துப் பேச எதிரே ஆள் இருக்காது. தனியாக இருக்கும்போது இன்னொரு தடவை படித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். எப்போதாவது விளையாட்டாக, நாலு பேர் முன்னால், அவர் உடம்பைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறீர்களா? சொல்லியிருந்தால் நூறு பாராட்டு வந்தாலும் அந்த ஒன்றுதான் நினைவில் நிற்கும். அதை முதலில் எடுங்கள்: "அன்னிக்கு எல்லார் முன்னாலயும் அப்படிச் சொன்னது தப்பு. நீ சிரிச்சே, ஆனா வலிச்சிருக்கும்." "விளையாட்டுக்குத்தானே" என்ற விளக்கம் சேர்க்காதீர்கள். அதோடு அன்றைக்கே பாராட்டையும் ஒட்டாதீர்கள், மருந்துக்குச் சர்க்கரை பூசின மாதிரி இருக்கும். மற்றவர்களின் உடம்பைப் பற்றி உங்கள் வாயில் வருவதையும் கவனியுங்கள். திரையில் வரும் ஒருத்தியைப் பார்த்து "என்ன இப்படி ஊதிட்டா" என்று நீங்கள் சொன்னது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் சேர்த்துத்தான்.

வேலை செய்கிறதா என்பதை அவர் முகம் மலர்வதை வைத்து அளக்காதீர்கள். மறுப்பு சுருங்கும்: "சும்மா சொல்லாதீங்க, நான் எப்படி இருக்கேன்னு எனக்குத் தெரியாதா" என்பது வெறும் "ம்" ஆகும். சில வாரம் கழித்து, நீங்கள் மறந்துவிட்ட ஒரு வாக்கியத்தை அவரே எடுத்துச் சொல்வார். குடும்பப் புகைப்படத்தில் குழந்தையைத் தூக்கி வயிற்றை மறைக்காமல் நிற்பார். மாதங்கள் ஆகும் விஷயம் இது, நடுவில் பழையபடி ஆகும் நாட்களும் வரும்.

சில அறிகுறிகள் இருந்தால் பாராட்டு போதாது. உடம்பில் ஏதோ ஒரு குறையைப் பற்றி நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நினைப்பு ஓடுகிறது, திரும்பத் திரும்பக் கண்ணாடி பார்க்கிறார் அல்லது கண்ணாடியையே தவிர்க்கிறார், வெளியே போவதை விட்டுவிட்டார், மற்றவர்களுக்கு அந்தக் குறை கண்ணிலேயே படவில்லை என்றால் அது பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர் என்ற நோயாக இருக்கலாம். அதற்கு, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் மருந்தும் பலன் தருகின்றன. திரும்பத் திரும்ப உறுதி கொடுப்பது அந்த நோயில் சுழலைத்தான் வளர்க்கும். சாப்பாட்டைத் தவிர்ப்பது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது தெரிந்தாலும் மருத்துவரிடம்தான் போக வேண்டும். குழந்தை பிறந்தது சமீபத்தில் என்றால், இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு, அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை நீடிக்கிறதா என்றும் பாருங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு "நான் அசிங்கமாயிட்டேன்" என்ற வாக்கியத்தின் பின்னாலும் ஒளிந்திருக்கும். அப்போது உடம்பைப் பற்றிப் பேசாமல், "நீ சரியாத் தூங்கி எத்தனை நாள் ஆச்சு? நாளைக்கு டாக்டர்கிட்ட நானும் கூட வரேன்" என்று ஆரம்பியுங்கள்.